லாபம் 30 லட்சம், வங்கியில் 4 லட்சம்

மார்ச் கணக்கை முடித்து ஆடிட்டர் தாள்களை நீட்டும்போது, கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் காக்களூர் தொழிற்பேட்டையிலும் சிறு தொழிற்சாலை நடத்துகிறவர்கள் பலர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: “லாபம் முப்பது லட்சம்னு போட்டிருக்கீங்களே சார், அந்தப் பணம் எங்கே?”

நியாயமான கேள்வி. லாப நட்டக் கணக்கில் இதற்குப் பதில் கிடையாது. இருப்புநிலைக் குறிப்பில் பதில் ஒளிந்திருக்கிறது, ஆனால் நேராகப் படித்தால் தெரியாது. லாபத்தில் தொடங்கி வங்கி இருப்பு வரை ஒவ்வொரு ரூபாயும் எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்வது மூன்றாவது ஓர் அறிக்கை. அதுதான் பணப்பாய்வு அறிக்கை, அலுவலக வழக்கில் ‘கேஷ் ஃப்ளோ’.

சிறு நிறுவனங்களில் பெரும்பாலும் இதை யாரும் தயாரிப்பதில்லை. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் நிதிநிலை அறிக்கைகளில் இதையும் சேர்த்தது. ஆனால் சிறு கம்பெனிகளுக்கும் ஒருநபர் கம்பெனிகளுக்கும் விலக்கு அளித்துவிட்டது. கூட்டாண்மை நிறுவனங்களுக்கும் தனியுரிமையாளர்களுக்கும் அந்தச் சட்டமே பொருந்தாது. வங்கி கேட்கும் சி.எம்.ஏ. டேட்டாவுக்காக ஏதோ ஒரு தாள் நிரப்பப்படும், அதோடு சரி. ஆக, பணம் எங்கே போனது என்று தெரிந்துகொள்ள வேண்டிய தேவை யாருக்கு அதிகமோ, அவர்களிடம்தான் இந்த அறிக்கை இருப்பதில்லை.

இதைத் தயாரிக்க இரண்டு வழிகள் உண்டு. வங்கிப் புத்தகத்தை வரிவரியாகப் பிரித்து, வாடிக்கையாளர் கொடுத்தது இவ்வளவு, சம்பளம் போனது இவ்வளவு என்று அடுக்குவது நேர்முறை. லாபத்தில் தொடங்கி, பணமாக வராததையும் பணமாகப் போகாததையும் சரிக்கட்டிக்கொண்டே வருவது மறைமுக முறை. இந்தியக் கணக்குத் தரம் 3 இரண்டையும் ஏற்கிறது. இரண்டு இருப்புநிலைக் குறிப்புகளும் ஒரு லாப நட்டக் கணக்கும் சில துணைத் தகவல்களும் கிடைத்தால் போதும் என்பதால் நடைமுறையில் மறைமுக முறையே அதிகம். “லாபம் இருக்கே, பணம் எங்கே?” என்ற கேள்விக்கு நேராகப் பதில் சொல்வதும் அதுதான்.

நம் மாதிரித் தொழிற்சாலை

விளக்கத்துக்காக ஒரு தொழிற்சாலையைக் கற்பனை செய்துகொள்வோம். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம். இரும்புக் கம்பியை வாங்கி, சி.என்.சி. இயந்திரத்தில் கடைந்து, வாகனங்களுக்கான உதிரிபாகம் செய்கிறது. சரக்கு ஒரகடம், எண்ணூர் பக்கத்துப் பெரிய ஆலைகளுக்குப் போகிறது. கடைசலில் சுருள் சுருளாக விழும் கழிவு இரும்பு, அதே வட்டாரத்தில் உள்ள உருக்கு உலைகளுக்குப் போகிறது. 2023-24இல் விற்பனை 480 லட்சம். 2024-25இல் 620 லட்சம். எளிமைக்காக ஜி.எஸ்.டி.யை விலக்கிவைத்து எண்களை அமைத்திருக்கிறேன்.

இரண்டு மார்ச் 31களின் நிலை இது (லட்ச ரூபாயில்):

| | 31-3-2024 | 31-3-2025 |
|---|---|---|
| நிலைச் சொத்துகள் (தேய்மானம் போக) | 180 | 208 |
| சரக்கிருப்பு | 70 | 95 |
| வாடிக்கையாளரிடம் வரவேண்டியது | 110 | 165 |
| ரொக்கமும் வங்கி இருப்பும் | 12 | 4 |
| மொத்தச் சொத்து | 372 | 472 |
| முதலும் சேர்ந்த லாபமும் | 182 | 212 |
| டேர்ம் லோன் | 80 | 105 |
| கேஷ் கிரெடிட் | 50 | 74 |
| சப்ளையர்களுக்குக் கொடுக்கவேண்டியது | 54 | 78 |
| கட்டவேண்டிய வருமான வரி | 6 | 3 |
| மொத்தப் பொறுப்பு | 372 | 472 |

லாப நட்டக் கணக்கிலிருந்து வேண்டியவை சிலவே. வரிக்கு முந்தைய லாபம் 40, வரி 10, நிகர லாபம் 30. அந்த 40ஐ எட்டும் வழியில் தேய்மானம் 28ம் வட்டி 15ம் கழிக்கப்பட்டிருக்கின்றன; பழைய லேத் ஒன்றை விற்ற லாபம் 3 சேர்க்கப்பட்டிருக்கிறது.

இவற்றோடு, கணக்கு எழுதுபவரைக் கேட்டால்தான் தெரியும் சில தகவல்களும் வேண்டும். பழைய லேத்தின் புத்தக மதிப்பு 4, விற்றது 7க்கு. புதிய சி.என்.சி. இயந்திரம் 60க்கு வாங்கப்பட்டது. அதில் 10 மார்ச் 31 அன்று இன்னும் கொடுக்கப்படவில்லை. புதிதாக வாங்கிய டேர்ம் லோன் 45, கட்டிய தவணை 20. வட்டி பாக்கி ஏதும் இல்லை.

வேலையைத் தொடங்குமுன் விடையை எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். ரொக்கம் 12லிருந்து 4க்கு வந்திருக்கிறது. எனவே அறிக்கையின் கடைசி வரி 8 குறைவு என்றுதான் வந்தாக வேண்டும். இனி நாம் கண்டுபிடிக்கப்போவது, அந்த 8 எப்படி வந்தது என்பதை.

முதல் படி: லாபத்தைச் சரிக்கட்டுதல்

வரிக்கு முந்தைய லாபமான 40இலிருந்து தொடங்குகிறோம். நிகர லாபத்தில் தொடங்காததற்குக் காரணம், வரியைப் பின்னால் தனியாக, உண்மையில் கட்டிய தொகையாகக் காட்டப்போகிறோம் என்பதே.

தேய்மானம் 28ஐக் கூட்டுகிறோம். லாபத்தைக் கணக்கிடும்போது கழித்தோம், ஆனால் அதற்காக யாருக்கும் செக் எழுதவில்லை. இங்கே பலரிடம் ஒரு தப்பான எண்ணம் இருக்கிறது: தேய்மானம் பணம் கொண்டுவருகிறது என்று. தேய்மானத்தை இரண்டு மடங்காக்கி 56 என்று போட்டுப் பாருங்கள். லாபம் 40லிருந்து 12ஆக இறங்கும், கூட்டவேண்டிய தேய்மானம் 56ஆக ஏறும், கூட்டுத்தொகை மாறாது. வருமான வரியில் சிறிது மிச்சமாகலாம் என்பதைத் தவிர, தேய்மானம் ஒரு பைசாவும் கொண்டுவராது.

வட்டி 15ஐயும் கூட்டுகிறோம். வட்டி நிஜமாகவே பணமாகப் போனதுதான். ஆனால் நிதி நிறுவனம் அல்லாத தொழிலுக்கு, கட்டிய வட்டியைக் கடன் சார்ந்த பகுதியில் காட்டச் சொல்கிறது கணக்குத் தரம் 3. ஆகவே இங்கிருந்து எடுத்து அங்கே வைக்கிறோம்.

லேத் விற்ற லாபம் 3ஐக் கழிக்கிறோம். அந்த விற்பனையில் வந்த முழுத் தொகை 7ஐ முதலீட்டுப் பகுதியில் காட்டப்போகிறோம். இங்கே 3ஐ விட்டுவைத்தால் அதே பணம் இரண்டு இடத்தில் வரும்.

40 + 28 + 15 − 3 = 80. கடையும் தொழில் தன்னளவில் ஈட்டியது 80 லட்சம். எல்லோரும் ரொக்கத்துக்கு வாங்கி ரொக்கத்துக்கு விற்றிருந்தால், கம்பிக்கும் சரக்குக்கும் பணம் முடங்காமல் இருந்திருந்தால், இந்த 80ம் வங்கிக்கு வந்திருக்கும்.

இரண்டாம் படி: நடைமுறை மூலதனம்

மார்ச் 20ஆம் தேதி ஒரகடத்துக்கு 4 லட்ச ரூபாய்ச் சரக்கு போகிறது என்று வைத்துக்கொள்வோம். பில் போட்ட அன்றே அது விற்பனை. அதிலுள்ள லாபம் இந்த ஆண்டின் லாபம். பணம் வருவதோ ஜூனில். மார்ச் 31 அன்று அது ‘வரவேண்டியது’ என்ற வரியில் நிற்கிறது.

இதையே ஆண்டு முழுமைக்கும் பாருங்கள். தொடக்கத்தில் வரவேண்டியது 110. ஆண்டில் விற்றது 620. கடைசியில் இன்னும் வராமல் நிற்பது 165. அப்படியானால் கைக்கு வந்தது 110 + 620 − 165 = 565. லாபக் கணக்கில் 620 ஏறியிருக்கிறது, பணம் 565தான் வந்திருக்கிறது. வித்தியாசம் 55. வரவேண்டியது 55 கூடியது என்பதும் இதுவும் ஒன்றே. அதனால்தான் 55ஐக் கழிக்கிறோம். ‘சொத்து கூடினால் கழி, பொறுப்பு கூடினால் கூட்டு’ என்று மனப்பாடம் செய்வதைவிட, இப்படி ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால் மறக்காது.

சரக்கிருப்பு 70லிருந்து 95. முடிவடைந்த சரக்கு, பாதி கடைந்த பாகங்கள், ரேக்கில் அடுக்கிய கம்பி எல்லாம் சேர்ந்த தொகை அது. அவற்றை வாங்கவும் செய்யவும் ஆன செலவு இன்னும் லாபக் கணக்கில் கழியவில்லை. பணம் மட்டும் போய்விட்டது, அல்லது போகவிருக்கிறது. 25ஐக் கழிக்கிறோம்.

சப்ளையர்களுக்குக் கொடுக்கவேண்டியது 54லிருந்து 78. கூடியது 24. அப்படியே 24ஐக் கூட்டிவிடத்தான் கை போகும். இங்கேதான் நிதானிக்க வேண்டும். அந்த 78க்குள் புதிய இயந்திரத்துக்குக் கொடுக்கவேண்டிய 10 லட்சமும் உட்கார்ந்திருக்கிறது. டாலியில் பெயர் திறக்கும்போது கம்பி வியாபாரியையும் இயந்திர கம்பெனியையும் ஒரே ‘சண்ட்ரி கிரெடிட்டார்ஸ்’ தலைப்பில் போட்டுவிடுவது வழக்கம். இயந்திர பாக்கிக்கும் அன்றாடத் தொழிலுக்கும் சம்பந்தம் இல்லை. அதை விலக்கினால், கம்பி, முலாம் பூசுதல், வெப்பப் பதப்படுத்தல் ஆகியவற்றுக்கான பாக்கி 54லிருந்து 68. கூட்டவேண்டியது 14.

80 − 55 − 25 + 14 = 14.

தொழில் ஈட்டிய 80இல் 66 நடைமுறை மூலதனத்துக்குள் போய்விட்டது. முதலாளி தேடிய பணம் பெருமளவு இங்கேதான் இருக்கிறது: பெரிய ஆலைகளின் பில் மேசையிலும் தன் சொந்த ரேக்கிலும்.

மூன்றாம் படி: கட்டிய வரி

லாபக் கணக்கில் வரி 10. கட்டியது அதுவல்ல. தொடக்கத்தில் பாக்கி 6, இந்த ஆண்டின் வரி 10, கடைசியில் பாக்கி 3. எனவே கட்டியது 6 + 10 − 3 = 13. முன்வரியும், வாடிக்கையாளர் பிடித்த டி.டி.எஸ்.ஸும், போன ஆண்டுப் பாக்கியும் சேர்ந்தது அது. சலான்களையும் 26ஏ.எஸ். படிவத்தையும் வைத்து இந்த 13ஐச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

14 − 13 = 1. தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த நிகரப் பணம் ஒரு லட்சம். நிகர லாபம் 30 லட்சம் காட்டிய அதே ஆண்டில்.

நான்காம் படி: முதலீடு

நிலைச் சொத்து 180லிருந்து 208. ‘28க்கு இயந்திரம் வாங்கியிருக்கிறார்கள்’ என்று முடிவுகட்டிவிட முடியாது. தேய்மானமும் விற்பனையும் நடுவில் மதிப்பைக் குறைத்திருக்கின்றன. கணக்கை விரித்து எழுதிப் பார்த்தால்தான் உண்மை வெளிப்படும்:

தொடக்கம் 180, வாங்கியது 60, விற்றதன் புத்தக மதிப்பு 4 கழிவு, தேய்மானம் 28 கழிவு, முடிவு 208.

இந்த வரியில் ஏதாவது ஓர் எண் தெரியாவிட்டால் மற்றவற்றை வைத்து அதைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அப்படிக் கண்டுபிடித்த எண்ணை இயந்திர பில்லோடு ஒப்பிடாமல் விடக்கூடாது. வாங்கியது 60 என்றாலும் அதில் 10 இன்னும் பாக்கி. எனவே இந்த ஆண்டு போன பணம் 50. பாக்கிப் பத்து, கொடுக்கும் ஆண்டின் அறிக்கையில் வரும். லேத் விற்றதில் வந்தது 7. முதலீட்டுப் பகுதியில் நிகரமாகப் போனது 43.

ஐந்தாம் படி: கடன்

புதிய டேர்ம் லோன் 45 உள்ளே. தவணை 20 வெளியே. இரண்டையும் கழித்து ‘25 வந்தது’ என்று ஒரே வரியில் எழுதக்கூடாது. வாங்கியதும் கட்டியதும் தனித்தனியாகத் தெரிய வேண்டும். கேஷ் கிரெடிட், அதாவது பேச்சுவழக்கில் ‘சிசி’, 50லிருந்து 74, கூடியது 24. முதல் படியில் எடுத்து வைத்த வட்டி 15 இங்கே வெளியே போகிறது. நிகரம்: 45 − 20 + 24 − 15 = 34.

இப்போது அறிக்கை முழுமை பெறுகிறது:

| 2024-25 | லட்சம் |
|---|---|
| வரிக்கு முந்தைய லாபம் | 40 |
| தேய்மானம் | 28 |
| வட்டி | 15 |
| லேத் விற்ற லாபம் | −3 |
| நடைமுறை மூலதன மாற்றத்துக்கு முன் | 80 |
| வரவேண்டியது கூடியது | −55 |
| சரக்கிருப்பு கூடியது | −25 |
| கொடுக்கவேண்டியது கூடியது (இயந்திரம் நீங்கலாக) | 14 |
| கட்டிய வருமான வரி | −13 |
| தொழிலிலிருந்து வந்த பணம் | 1 |
| இயந்திரத்துக்குக் கொடுத்தது | −50 |
| லேத் விற்றதில் வந்தது | 7 |
| முதலீட்டில் போன பணம் | −43 |
| புதிய டேர்ம் லோன் | 45 |
| கட்டிய தவணை | −20 |
| சிசி கூடியது | 24 |
| கட்டிய வட்டி | −15 |
| கடன் வழியே வந்த பணம் | 34 |
| ரொக்கத்தில் மாற்றம் | −8 |

1 − 43 + 34 = −8. பன்னிரண்டில் எட்டு போக நான்கு. டேலி ஆகிவிட்டது.

டேலி ஆனால் போதுமா?

போதாது. இந்த அறிக்கையில் நடக்கும் பெரும்பாலான தவறுகள் கடைசி வரியைத் தொடுவதே இல்லை.

இயந்திர பாக்கியைப் பிரிக்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொடுக்கவேண்டியதில் 24 கூட்டியிருப்போம். தொழிலிலிருந்து வந்த பணம் 1க்குப் பதில் 11. இயந்திரத்துக்கு 60 போனதாகக் காட்டியிருப்போம், முதலீட்டில் −53. 11 − 53 + 34 = −8. அதே விடை. ஒரு லட்சம் ஈட்டிய தொழில் பதினொரு லட்சம் ஈட்டியதாகத் தாளில் நிற்கும், கூட்டல் சரியாக இருக்கும், யாருக்கும் சந்தேகம் வராது.

இதற்குக் காரணம் எளிது. இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் சமம். ஆகவே ரொக்கத்தைத் தவிர்த்த எல்லா வரிகளின் மாற்றத்தையும் எப்படிக் கலைத்துப் போட்டாலும், எதையும் விடாமலும் இரட்டிக்காமலும் இருந்தால், கூட்டுத்தொகை ரொக்க மாற்றமாகத்தான் வரும். ஏதாவது விடுபட்டதா என்பதை மட்டுமே டேலி சோதிக்கிறது. எது எந்தப் பகுதியில் இருக்க வேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய குழப்பம் பில் டிஸ்கவுன்டிங்கில் வரும். நம் தொழிற்சாலை மார்ச் 28 அன்று 30 லட்ச ரூபாய் பில்களை வங்கியில் கொடுத்து முன்பணம் வாங்கி, அதைச் சிசியில் போட்டது என்று வைத்துக்கொள்வோம். கணக்கர் அதை வாடிக்கையாளரே கொடுத்த பணம்போல எழுதிவிட்டால், வரவேண்டியது 165லிருந்து 135ஆக இறங்கும். தொழிலிலிருந்து வந்த பணம் 1லிருந்து 31ஆகிவிடும்! நிகர லாபம் 30க்கு இணையான பணம் என்று எல்லோரும் மகிழ்வார்கள். வாடிக்கையாளர் கொடுக்காவிட்டால் வங்கி நம்மிடமே திருப்பிக் கேட்கும் என்ற நிபந்தனை இருந்தால், அது கடன். கடன் பகுதியில்தான் நிற்க வேண்டும். ‘டிரெட்ஸ்’ தளங்களில் விற்கும் பில்களின் கதை வேறு. அங்கே வாங்குபவர் பணம் தராவிட்டாலும் நிதியளித்தவர் சிறு தொழிலிடம் திரும்பி வர முடியாது. ஆகவே அந்தப் பணத்தை வசூலாகவே காட்டலாம்.

தவறைக் கண்டுபிடிக்க மூன்று இடங்களைப் பார்த்தால் பெரும்பாலும் போதும். ஒன்று, கிரெடிட்டார்ஸ் பட்டியலைப் பெயர் பெயராகப் படிப்பது; இயந்திரம், கட்டடம், மின் இணைப்புப் பணி சார்ந்த பெயர்கள் தென்பட்டால் பிரித்தெடுக்க வேண்டும். இரண்டு, சொத்துப் பதிவேட்டில் ‘வாங்கியது’ என்ற எண்ணை பில்லோடும், போன பணத்தை வங்கி ஸ்டேட்மென்டோடும் ஒப்பிடுவது. மூன்று, மார்ச் கடைசி வாரத்து வரவுகளில் வாடிக்கையாளர் கணக்கிலிருந்து வராமல் வங்கியின் கடன் கணக்கிலிருந்து வந்தவை உண்டா என்று பார்ப்பது.

எண்கள் சொல்வது என்ன

முதலில் அந்த 55. விற்பனை கூடினால் வரவேண்டியதும் கூடும், அது இயல்பு. ஆனால் எவ்வளவு? 480க்கு 110 நின்றது, அதாவது சுமார் 84 நாள் விற்பனை. அதே வேகத்தில் வசூல் நடந்திருந்தால் 620க்கு 142தான் நின்றிருக்க வேண்டும். நிற்பதோ 165, ஏறக்குறைய 97 நாள். ஆக 55இல் 32 வளர்ச்சியின் விலை. மீதி 23 வசூல் தளர்ந்ததன் விலை. முதலாவதற்கு வங்கியிடம் கூடுதல் வரம்பு கேட்பது நியாயம். இரண்டாவதற்குத் தீர்வு வாடிக்கையாளரின் பில் பிரிவில் இருக்கிறது.

97 நாளில் இன்னொரு சிக்கலும் உண்டு. சிசியில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை மாதாமாதம் சரக்கிருப்பையும் வரவேண்டியதையும் வைத்தே வங்கி முடிவு செய்கிறது. பொதுவாக 90 நாளைத் தாண்டிய பில்களை அது கணக்கில் எடுத்துக்கொள்ளாது. ஆகவே வசூல் தளரத் தளர, பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் எடுக்கக்கூடிய வரம்பு சுருங்கும்.

2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக்கூடாது. எழுத்துமூல ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. ஆனாலும் அடுத்த ஆர்டரையும் அவரிடமே எதிர்பார்க்கும் சிறு தொழில், பெரிய வாடிக்கையாளருக்கு நோட்டீஸ் அனுப்பத் தயங்கும்.

இதே சட்டம் நம் தொழிற்சாலையையும் திருப்பிப் பிடிக்கும். கொடுக்கவேண்டியதில் கூடிய 14 லட்சம், முலாம் பூசும் பட்டறை போன்ற குறுந்தொழில்களை இழுத்தடித்ததால் வந்திருந்தால், கெடு தாண்டி மார்ச் 31 வரை கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் கழிக்க முடியாது. 2023ஆம் ஆண்டு நிதிச் சட்டம் வருமான வரிச் சட்டத்தின் 43பி பிரிவில் சேர்த்த விதி இது. வரிக்குரிய வருமானம் ஏறும், வரியும் ஏறும். சப்ளையரிடம் பிடித்துவைத்த பணத்தில் ஒரு பகுதி வருமான வரித் துறைக்குப் போகும்.

அடுத்து, கடன் பகுதியைத் தொழில் பகுதியோடு சேர்த்துப் படிக்க வேண்டும். இயந்திரத்துக்குக் கொடுத்த 50இல் 45 டேர்ம் லோன். 5 சொந்தப் பணம். தவணை 20, வட்டி 15. இந்த மூன்றுக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது 40. எங்கிருந்து வந்தது? தொழில் கொடுத்தது 1, பழைய லேத் 7, வங்கி இருப்பு குறைந்தது 8, சிசியிலிருந்து எடுத்தது 24. கூட்டிப் பார்த்தால் சரியாக 40. பச்சையாகச் சொன்னால், டேர்ம் லோன் தவணையையும் வட்டியையும் சிசியிலிருந்து எடுத்துக் கட்டியிருக்கிறார்கள். அதாவது ஒரு கடனை அடைக்க இன்னொரு கடன்.

வங்கி இதைக் கண்டுபிடிக்குமா? தவணை கட்டும் திறனை அளக்க வங்கிகள் வழக்கமாகப் போடும் கணக்கில் நிகர லாபம், தேய்மானம், வட்டி மூன்றையும் கூட்டி, தவணையும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுப்பார்கள். நம் கணக்கில் 30 + 28 + 15 = 73; வகுக்கும் தொகை 35. விடை 2.09. இது மிகத் திருப்தியான எண். அடுத்த இயந்திரத்துக்கும் கடன் கிடைக்கும். அதே 35ஐத் தொழிலிலிருந்து வந்த பணம் 1ஓடு ஒப்பிட்டால் விடை 0.03. இரண்டும் ஒரே தொழிற்சாலையின், ஒரே ஆண்டின் எண்கள். முதல் கணக்கு நடைமுறை மூலதனத்தில் முடங்கிய 66ஐப் பார்ப்பதில்லை.

இது சிறு தொழிலுக்கு மட்டும் நேர்வதில்லை. அமெரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை நடத்திய டபிள்யூ.டி. கிராண்ட் நிறுவனம் 1975இல் திவாலானது. அதற்குச் சில ஆண்டுகள் முன்புவரை லாபம் காட்டிக்கொண்டிருந்தது. பணமோ கடனுக்கு விற்ற பாக்கியிலும் சரக்கிலும் முடங்கிக் கிடந்தது. அந்நாட்டில் பணப்பாய்வு அறிக்கையைக் கட்டாயமாக்கும் கணக்குத் தரம் 1987இல் வெளிவந்தது. இந்தியாவில் கணக்குத் தரம் 3 இன்றைய வடிவத்துக்கு 1997இல் வந்தது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. ஒரு லட்சம் என்ற எண்ணை மட்டும் பார்த்து இந்தத் தொழில் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுத முடியாது. ஒரே ஆண்டில் விற்பனை 29 சதவீதம் வளரும்போது பணம் முடங்கத்தான் செய்யும். அடுத்த ஆண்டு வளர்ச்சி நின்று வசூல் சீரானால் இதே தொழிற்சாலை 60 லட்சத்துக்கு மேல் பணம் ஈட்டலாம். மார்ச் 31 என்ற ஒரே நாளின் படத்தை வைத்துச் செய்த அறிக்கை என்பதையும் மறக்கக்கூடாது. ஏப்ரல் 2ஆம் தேதி வந்த பெரிய வசூல் இதில் இல்லை. ஆகவே ஒரு தொழிலின் போக்கை அறிய மூன்று ஆண்டு அறிக்கைகளையாவது பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். இரண்டாவது, மூன்றாவது ஆண்டிலும் லாபம் ஏறிக்கொண்டே போய், தொழிலிலிருந்து வந்த பணம் பூஜ்யத்தை ஒட்டியே நின்றால், அது வளர்ச்சியால் வந்த முடக்கம் இல்லை. வசூலோ, சரக்கோ, விலையோ ஏதோ ஒன்று தவறாக இருக்கிறது.

சட்டம் விலக்கு அளித்திருக்கிறது என்பதற்காக இதை விட்டுவிட வேண்டாம். ஆடிட்டரிடம் அடுத்த முறை கையெழுத்துப் போடும்போது, இருப்புநிலைக் குறிப்போடு இந்த ஒரு பக்கத்தையும் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். அது டேலி ஆகித்தான் இருக்கும். ‘தொழிலிலிருந்து வந்த பணம்’ என்ற வரியை, நீங்கள் கட்டவேண்டிய தவணையும் வட்டியும் சேர்ந்த தொகைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அது குறைவாக இருக்கும் ஆண்டில் புது இயந்திரத்துக்குக் கடன் வாங்காதீர்கள், வங்கியே கொடுக்க முன்வந்தாலும்.